ஹோல்டெம் போக்கர்: ஒரே ஒரு ஆட்டம், பிளைண்டிலிருந்து ஷோ வரை

"நாங்க அஞ்சு பேர். பெரம்பூர்ல எங்க ஃப்ளாட் மொட்டை மாடியில ஞாயித்துக்கிழமை ரம்மி ஆடுவோம், எப்பவாவது மூணு சீட்டு. ஹோல்டெம் போக்கர் ஆடிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தா, பிளைண்ட் யார் போடணும், யார் முதல்ல பேசணும், ஒரு ரவுண்டு எப்ப முடியுது, நடுவுல இருக்கிற சீட்டை எப்படிச் சேர்த்துப் பார்க்கணும்னு எல்லாத்துலயும் சண்டை. ஒரு ஆட்டத்தை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் யாராவது சொல்லுங்களேன்."

ரம்மிக்கு வைத்திருக்கும் கட்டுகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜோக்கரை எல்லாம் தனியே வைத்துவிட்டு, 52 சீட்டு சரியாக இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். இரண்டு கட்டுகள் கலந்து கிடந்த பையிலிருந்து எடுத்தால், ஆட்டத்தின் நடுவில் ஒரே சீட்டு இரண்டாக வந்து நிற்கும். ஆளுக்கு 1000 மதிப்புள்ள சிப்: 10 மதிப்பில் இருபது, 50 மதிப்பில் ஆறு, 100 மதிப்பில் ஐந்து. சிப் இல்லையென்றால் நிறம் நிறமாகச் சட்டைப் பொத்தான்கூடப் போதும். காசை இதில் கொண்டுவராதீர்கள். ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நேரில் காசு வைத்து ஆடினாலும் போலீஸ் வரை போகும் வம்பு உண்டு. கற்றுக்கொள்ள சிப்பே போதும்.

ஆட்டத்தின் எலும்புக்கூடு சின்னதுதான். ஒவ்வொருவர் கையிலும் யாருக்கும் காட்டாத இரண்டு சீட்டு. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, திறந்தபடி. கையில் இரண்டு, பொதுவில் ஐந்து, ஆக ஏழு. இந்த ஏழில் மிகச் சிறந்த ஐந்துதான் உங்கள் ஆட்டம். பொதுச் சீட்டு ஐந்தும் ஒரே நேரத்தில் வராது. முதலில் மூன்று வரும், அதன் பெயர் ஃப்ளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். கையில் இரண்டு வந்ததும் ஒரு ரவுண்டு பெட்டிங், பிறகு இந்த மூன்று இடங்களிலும் ஒவ்வொன்று, மொத்தம் நான்கு ரவுண்டு. எந்த ரவுண்டிலாவது மற்ற எல்லோரும் சீட்டைப் போட்டுவிட்டால், மிஞ்சியவர் எதையும் காட்டாமலே குவியலை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குவியலுக்குப் பெயர் பாட்.

இப்போது உங்கள் ஐந்து பேரை உட்கார வைப்போம். கடிகாரம் சுற்றும் வழியில், அதாவது இடது கைப் பக்கமாக, முரளி, செல்வி, பாஸ்கர், நிஷா, யூசுஃப். முரளிக்கு முன்னால் ஏதாவது ஒரு வில்லையை வையுங்கள், கேரம் காய் ஒன்று இருந்தால் அதுவே ஆகும். அதுதான் டீலர் பட்டன். அவருக்கு அடுத்த இடது பக்கத்தில் இருக்கும் செல்வி ஸ்மால் பிளைண்ட், 10 வைக்கிறார். அதற்கு அடுத்து பாஸ்கர் பிக் பிளைண்ட், 20 வைக்கிறார். சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்துவிட வேண்டும். மூணு சீட்டில் சீட்டைப் பார்க்காமல் ஆடுவதை பிளைண்ட் என்பீர்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே இது கட்டாய வைப்பு, அவ்வளவுதான். வைத்த பிறகு தாராளமாகச் சீட்டைப் பார்க்கலாம்.

மற்ற மூன்று பேரும் இப்போது எதுவும் வைப்பதில்லை. மூணு சீட்டில் எல்லோரும் பூட் போட்டுப் பழகியவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் பட்டன் ஒரு இடம் இடப்பக்கம் நகர்ந்து செல்வியிடம் போகும். அப்போது பாஸ்கர் ஸ்மால், நிஷா பிக். ஐந்து ஆட்டத்தில் எல்லோரும் ஒரு தடவை 10, ஒரு தடவை 20 வைத்திருப்பார்கள். பிளைண்ட் இல்லாவிட்டால் ஜோடி ஏஸ் வரும்வரை சும்மா சீட்டைப் போட்டுக்கொண்டே இருக்கலாம், ஒன்றும் போகாது. அப்படிக் காத்திருப்பதற்கு வாடகை வாங்கத்தான் இந்த 30.

சீட்டுப் போடுவது செல்வியிலிருந்து தொடங்கும். ஒவ்வொன்றாக இரண்டு சுற்று, கவிழ்த்து. கடைசிச் சீட்டு முரளிக்கு.

அடுத்தது பேச்சு. உங்கள் முறை வரும்போது செய்யக்கூடியவை கொஞ்சம்தான். இந்த ரவுண்டில் உங்களைவிட யாரும் அதிகம் வைத்திருக்கவில்லை என்றால் 'செக்' சொல்லி எதுவும் வைக்காமல் அடுத்தவருக்கு விடலாம், அல்லது பெட் வைத்துத் தொடங்கலாம். யாராவது அதிகம் வைத்திருந்தால் செக் கிடையாது. அதற்குச் சமமாக வைத்தால் 'கால்', அதற்கு மேலே ஏற்றினால் 'ரெய்ஸ்', வேண்டாம் என்று சீட்டைக் கவிழ்த்துத் தள்ளினால் 'ஃபோல்ட்'. ஃபோல்ட் செய்தவர் முன்பு வைத்த சிப் பாட்டிலேயே இருக்கும், திரும்ப வராது.

சண்டைக்குப் பெரிய காரணம் அடுத்த விஷயம்தான். ஒரு ரவுண்டு முடிய இரண்டும் நடந்திருக்க வேண்டும்: ஆட்டத்தில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தடவையாவது முறை வந்திருக்க வேண்டும், அவர்கள் எல்லோரும் அந்த ரவுண்டில் வைத்தது ஒரே அளவாக இருக்க வேண்டும். யாராவது ரெய்ஸ் செய்தால் ஏற்கெனவே பேசியவர்களுக்கும் முறை திரும்ப வரும். அவர்கள் சமம் செய்ய வேண்டும், ஏற்ற வேண்டும், இல்லை வெளியேற வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பெட் வைக்கும் சிப்பை நடுவில் வீசாதீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளித் தனி அடுக்காக வையுங்கள். ரவுண்டு முடிந்த பிறகுதான் எல்லா அடுக்கையும் டீலர் நடுவுக்கு இழுக்க வேண்டும். யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது அடுக்கைப் பார்த்தாலே தெரியும். நேரே குவியலில் கொட்டினால், "நான் 60 போட்டுட்டேன்", "இல்ல, 40தான்" என்ற தகராறைத் தீர்க்கவே முடியாது.

சரி, முதல் ரவுண்டு. பிளைண்ட் வைத்த இருவரும் முன்பே வைத்துவிட்டதால் இந்த ரவுண்டில் அவர்கள் முறை கடைசியில்தான் வரும். அதனால் முதலில் வாய் திறக்க வேண்டியவர் பிக் பிளைண்டுக்கு அடுத்த நிஷா. அவர் கையில் உருப்படியாக எதுவும் இல்லை, ஃபோல்ட். யூசுஃப் கையில் டைமண்ட் கிங், டைமண்ட் குயின். அவர் 60-க்கு ரெய்ஸ். முரளியிடம் இஸ்பேட் கிங், இஸ்பேட் ஜாக்கி. 60 வைத்துக் கால். செல்வி ஃபோல்ட், அவருடைய 10 போச்சு. பாஸ்கர் கையில் ஆர்ட்டின் 5, ஆர்ட்டின் 4. அவர் முன்னால் 20 இருக்கிறது, இன்னும் 40 வைத்தால் சமம். வைக்கிறார். மிஞ்சிய மூவர் முன்னாலும் 60, எல்லோரும் பேசியாயிற்று, ரவுண்டு முடிந்தது. மூன்று 60, செல்வியின் 10, ஆக பாட்டில் 190.

ரெய்ஸுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. முன்னால் நடந்த ஏற்றம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவாவது ஏற்ற வேண்டும். பிக் பிளைண்ட் 20, எனவே யூசுஃப் குறைந்தது 40-க்கு ஏற்றியிருக்க வேண்டும். அவர் 20-லிருந்து 60-க்கு, அதாவது 40 ஏற்றினார். முரளிக்கு அதற்கு மேல் ஏற்ற ஆசை என்றால் 80 செல்லாது, குறைந்தது 100. இதில் நோ லிமிட் என்று சொல்வது மேல் எல்லையைத்தான். கையில் இருக்கும் முழு சிப்பையும் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். ஏற்றுபவர் "ரெய்ஸ், அறுபது" என்று வாயால் சொல்லிவிட்டுச் சிப்பைத் தொடுவது நல்லது. ஒரு கையாக 20 வைத்து, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் 40 சேர்ப்பதை எந்த மேசையும் ஏற்காது. வாயைத் திறக்காமல் ஒற்றை 100 சிப்பை வைத்தாலும் அது கால் என்றுதான் கணக்கு, மீதி திரும்ப வரும்.

இந்த முதல் ரவுண்டில் ஒரு இடத்தில் புதியவர்கள் எப்போதும் வழுக்குவார்கள். யாருமே ரெய்ஸ் செய்யாமல் எல்லோரும் வெறும் 20 வைத்துக் கால் செய்துகொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறை பாஸ்கரிடம் வரும்போது எல்லோர் முன்னாலும் சமமாக 20. டீலர் உடனே ஃப்ளாப்பை விரித்துவிடுவார். தப்பு. பாஸ்கர் 20 வைத்தது சீட்டைப் பார்க்கும் முன்பு. அவருக்கு இன்னும் பேசும் முறை வரவில்லை. அவர் செக் சொன்னால் முடிந்தது, ரெய்ஸ் செய்தால் ரவுண்டு தொடரும். அவசரப்பட்டு விரித்தாகிவிட்டது என்றால் அந்த மூன்று சீட்டையும் எடுத்து வையுங்கள், பாஸ்கர் பேசட்டும், ரவுண்டு முழுசாக முடியட்டும். பிறகு அந்த மூன்றையும் மீதிக் கட்டோடு கலைத்துப் புதிதாக விரியுங்கள். பார்த்த சீட்டையே திரும்ப வைத்து ஆடக்கூடாது.

கதைக்கு வருவோம். ஃப்ளாப்புக்கு முன் டீலர் கட்டின் மேல் சீட்டு ஒன்றை யாரும் பார்க்காமல் கவிழ்த்து ஓரம் வைக்க வேண்டும். இதைப் பர்ன் என்பார்கள். கட்டின் மேல் சீட்டில் மடிப்போ அடையாளமோ இருந்து, யாராவது அதைக் கண்டுகொண்டிருந்தாலும் பயனில்லாமல் போகத்தான் இந்த ஏற்பாடு. டர்னுக்கும் ரிவருக்கும் முன்னாலும் ஒவ்வொன்று இப்படிப் போகும். மாடிக் காற்றில் இந்தச் சீட்டுதான் முதலில் பறக்கும், மேலே பாரமாக ஏதாவது வையுங்கள்.

ஃப்ளாப்: ஆர்ட்டின் கிங், இஸ்பேட் 9, டைமண்ட் 4. இனி வரும் மூன்று ரவுண்டிலும் பேச்சு வரிசை மாறும். பட்டனுக்கு இடப்பக்கம் ஆட்டத்தில் மிஞ்சியிருப்பவரில் முதல் ஆள்தான் தொடங்க வேண்டும். முன் ரவுண்டில் யார் ஏற்றினார்கள் என்பது இதில் கணக்கில்லை. செல்வி வெளியே போய்விட்டதால் பாஸ்கர் முதலில், பிறகு யூசுஃப், பட்டன் முரளி கடைசி. கடைசியில் பேசுபவருக்கு மற்ற இருவர் என்ன செய்தார்கள் என்று தெரிந்த பிறகு தன் முடிவை எடுக்கலாம். மேசையில் நல்ல இடம் பட்டன்தான், அது சுற்றிக்கொண்டே இருப்பதும் அதனால்தான்.

பாஸ்கருக்கு ஜோடி 4 கிடைத்திருக்கிறது. செக். யூசுஃபுக்கு ஜோடி கிங், 100 பெட். (புது ரவுண்டில் பெட் வைப்பது குறைந்தது பிக் பிளைண்ட் அளவு, இங்கே 20.) முரளிக்கும் ஜோடி கிங், கால். முறை திரும்ப பாஸ்கரிடம் வரும். செக் சொன்னவர் ரவுண்டை விட்டுத் தப்பிவிடவில்லை. 100 வைக்க வேண்டும், அல்லது போக வேண்டும். இரண்டு பேர் துணிந்து வைத்த பிறகு ஜோடி 4-ஐ வைத்துக்கொண்டு 100 கட்டுவது வீண். ஃபோல்ட். பாட் 390.

டர்ன்: கிளாவர் 9. இருவர்தான் மிச்சம். யூசுஃப் செக், முரளி 200 பெட், யூசுஃப் கால். பாட் 790. இந்த இடத்தில் யூசுஃபின் சிறந்த ஐந்து கிங், கிங், 9, 9, குயின். முரளிக்கு கிங், கிங், 9, 9, ஜாக்கி. இரண்டு ஜோடியும் சமம், ஐந்தாவது சீட்டில் யூசுஃப் முந்துகிறார். அந்த ஐந்தாவது சீட்டுக்குத்தான் கிக்கர் என்று பெயர்.

ரிவர்: ஆர்ட்டின் ஏஸ். யூசுஃப் செக், முரளி செக். நான்காவது ரவுண்டும் முடிந்தது, இனி ஷோ. ரிவரில் யாராவது பெட் வைத்திருந்தால் கடைசியாக ஏற்றியவர் முதலில் திறக்க வேண்டும். இங்கே யாரும் வைக்கவில்லை, எனவே பேச்சு வரிசைப்படி யூசுஃப் முதலில். கிங், குயின் திறக்கிறார். முரளி கிங், ஜாக்கி. "குயின் பெரிசு, எனக்குத்தான்" என்று யூசுஃப் கையை நீட்டுவார். உங்கள் மாடியில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த மாதிரித்தான் இருக்கும்.

ஏழிலிருந்து ஐந்தை எடுத்துப் பார்ப்போம். யூசுஃபின் ஏழு: கிங், குயின், பொதுவில் கிங், 9, 4, 9, ஏஸ். சிறந்த ஐந்து: கிங், கிங், 9, 9, ஏஸ். குயினுக்கு இடமே இல்லை. முரளிக்கு: கிங், கிங், 9, 9, ஏஸ். ஜாக்கிக்கும் இடமில்லை. பொதுவில் வந்த ஏஸ் இருவருக்கும் கிக்கராகி, கையில் இருந்த கிக்கரை உதவாமல் செய்துவிட்டது. ஐந்து சீட்டைத் தாண்டி ஆறாவதைப் பார்க்கும் வழக்கமே போக்கரில் கிடையாது. இஸ்பேட் பெரிசு, கிளாவர் சின்னது என்ற கணக்கும் இல்லை. நான்கு பூவும் சமம். எனவே 790-ஐச் சமமாகப் பிரிக்க வேண்டும். நம்மிடம் 10-ஐவிடச் சின்ன சிப் இல்லை, அதனால் ஒரு 10 மிஞ்சும்; அது பட்டனுக்கு இடப்பக்கம் முதலில் இருக்கும் யூசுஃபுக்கு. அவருக்கு 400, முரளிக்கு 390. இருவரும் ஆளுக்கு 360 வைத்திருந்தார்கள், யூசுஃபுக்கு லாபம் 40, முரளிக்கு 30. அந்த 70 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: பாஸ்கர் விட்ட 60, செல்வி விட்ட 10.

ரிவரில் ஏஸுக்குப் பதில் ஒரு 6 வந்திருந்தால் குயின் கிக்கர் நின்று, முழுவதும் யூசுஃபுக்கு. ஜாக்கி வந்திருந்தால் முரளிக்குக் கிங் ஜோடி, ஜாக்கி ஜோடி. அது கிங் ஜோடி, 9 ஜோடியை அடிக்கும், முழுவதும் முரளிக்கு. இந்த மூன்றையும் சீட்டை விரித்து வைத்துப் பார்த்துவிட்டால், ஏழில் ஐந்து என்பதில் பிறகு குழப்பம் வராது. கையில் இருக்கும் இரண்டையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற விதியும் ஹோல்டெமில் இல்லை. ஒன்றை மட்டும் எடுக்கலாம், மேலே நடந்தது அதுதான். பொதுச் சீட்டு ஐந்துமே உங்கள் சிறந்த ஐந்தாக இருந்தால் இரண்டையும் விட்டுவிடலாம்.

எது எதை அடிக்கும் என்பதைத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள். மேலிருந்து கீழே: ஒரே பூவில் வரிசையாக ஐந்து, ஒரே எண் நான்கு, மூன்றும் இரண்டுமாக ஃபுல் ஹவுஸ், ஒரே பூவில் ஐந்து, வரிசையாக ஐந்து, ஒரே எண் மூன்று, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி, எதுவும் இல்லாமல் பெரிய சீட்டு. மூணு சீட்டு ஆடுபவர்கள் இரண்டு இடத்தில் மாறிப்போவார்கள். அங்கே வரிசை கலரை அடிக்கும். இங்கே தலைகீழ், ஐந்தும் ஒரே பூவாக இருக்கும் ஃப்ளஷ்தான் வரிசையான ஸ்ட்ரெயிட்டை அடிக்கும். அங்கே ஒரே எண் மூன்றுதான் உச்சம். இங்கே அது நடுவில் கிடக்கிறது. வரிசையில் ஏஸ் ஒரு முனையில் மட்டும் நிற்கும். ஏஸ், 2, 3, 4, 5 செல்லும். 10, ஜாக்கி, குயின், கிங், ஏஸ் செல்லும். குயின், கிங், ஏஸ், 2, 3 என்று சுற்றிக்கொண்டு போனால் செல்லாது.

சிப் தீர்ந்துபோகிறவரைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும், முதல் நாளே வந்துவிடும். மிஞ்சியது 100 மட்டும் உள்ளவர் எதிரில் 300 பெட் வந்தால் அவர் வெளியேறத் தேவையில்லை. 100-ஐயும் வைத்து ஆல்-இன் சொல்லலாம். ஆனால் ஒவ்வொருவரிடமிருந்தும் அவருக்குக் கிடைக்கக்கூடியது 100-தான். நிஷா 100 ஆல்-இன், யூசுஃபும் முரளியும் ஆளுக்கு 300 என்றால் மூன்று நூறு சேர்ந்து முதல் பாட் 300, மூவருக்கும் போட்டி. மிச்சமுள்ள இரண்டு 200 சேர்ந்து பக்கத்துப் பாட் 400, அதில் யூசுஃபும் முரளியும் மட்டும். நிஷா ஜெயித்தாலும் 400 அவருக்கு இல்லை. முந்தைய ரவுண்டுகளில் சேர்ந்தது முதல் பாட்டில் இருக்கும். ஆல்-இன் வந்த உடனேயே இரண்டு குவியலாகப் பிரித்துவிடுங்கள். ஷோவுக்குப் பிறகு பிரிக்க உட்கார்ந்தால் கணக்கு சிக்கும்.

ராத்திரி ஆகி மூன்று பேர் கிளம்பிவிட்டு இரண்டு பேர் மட்டும் ஆடினால் ஒரு விதி மாறும். பட்டன் வைத்திருப்பவரே ஸ்மால் பிளைண்ட் 10 வைப்பார், எதிராளி பிக் பிளைண்ட் 20. ஃப்ளாப்புக்கு முன் பட்டன் முதலில் பேசுவார். ஃப்ளாப்பிலிருந்து எதிராளி முதலில், பட்டன் கடைசி.